கறவைப் பட்டியைக் கணக்கில் ஏற்றுவது: செபராங் பிறை மாட்டுப் பண்ணைக்கு ஒரு முழு வழிகாட்டி

பினாங்கின் பெருநிலப் பக்கம், பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால் வரை, மாடு வளர்க்கும் நம் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சில பேர் தாத்தா காலத்துப் பால் வியாபாரத்தைச் செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாகப் பதிந்திருக்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பால் விற்ற காசு, தீவனம் வாங்கிய காசு எல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் இருப்புநிலை அறிக்கையில் மாடு எங்கே என்று தேடினால், லோரிக்கும் பால் கறக்கும் இயந்திரத்துக்கும் நடுவே, பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய விலையில், தேய்மானம் கழித்து, கடைசியில் ஒரு ரிங்கிட் என்று நிற்கும். பட்டியிலோ நாற்பது மாடு நிற்கிறது. பாதிக்கு மேல் அங்கேயே பிறந்தவை, எந்தப் பில்லும் இல்லாதவை.

இந்த வழிகாட்டி அந்த நாற்பது மாட்டைப் பற்றியது. ஒரு வருட முடிவில் அவற்றை எப்படி எண்ணுவது, எந்த விலை வைப்பது, கூடிய மதிப்பை எங்கே எழுதுவது என்று ஒரு உதாரணப் பண்ணையை எடுத்துக் கடைசி வரைக்கும் போட்டுப் பார்ப்போம்.

முதலில், எந்த விதி?

மலேசியாவில் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் எம்பிஇஆர்எஸ் என்ற தனியார் நிறுவனத் தரநிலையைப் பின்பற்றுகின்றன. 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அதில் 34ஆம் பிரிவின் ஒரு பகுதி விவசாயத்தைப் பற்றியது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ என்றால், எம்எஃப்ஆர்எஸ் என்ற முழுத் தரநிலைத் தொகுப்பில் விவசாயத்துக்கான எம்எஃப்ஆர்எஸ் 141. பட்டியைப் பொறுத்தவரை இரண்டும் சொல்லும் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: உயிருள்ள மாடு ஓர் உயிரியல் சொத்து, அதை ஒவ்வொரு கணக்கு முடிவிலும் நியாய மதிப்பில், விற்பனைச் செலவைக் கழித்து, எழுத வேண்டும். கூடியதும் குறைந்ததும் அந்த வருட லாப நட்டத்துக்குப் போகும். இப்படி எழுதும் மாட்டுக்குத் தேய்மானம் கிடையாது. வயதானால் சந்தை விலை தானாக இறங்கும், அதுவே தேய்மானத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

"எங்கள் சொந்தக்காரர் செம்பனை வைத்திருக்கிறார், அவர் மரத்தைத் தேய்மானம்தானே போடுகிறார், நாங்கள் மட்டும் ஏன்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. எம்எஃப்ஆர்எஸ் 141இல் செய்த ஒரு திருத்தத்தின்படி, பல வருடம் காய்த்துக்கொண்டே இருக்கும் மரம் இயந்திரம் போன்ற நிலையான சொத்தாக எம்எஃப்ஆர்எஸ் 116க்குப் போய்விட்டது. அந்த மரத்தில் தொங்கும் குலை மட்டும்தான் 141இல் இருக்கிறது. அதனால் தோட்டக் கணக்கில் மரத்துக்குத் தேய்மானமும், கணக்கு முடியும் நாளில் பழுத்துவரும் குலைக்கு நியாய மதிப்பும் என்று இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். அந்தச் சலுகை செடிக்கும் மரத்துக்கும் மட்டும்தான். மாடும் வருடா வருடம் பலன் தருகிறது என்றாலும் அது விலங்கு. விலங்குக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

எம்பிஇஆர்எஸ் ஒரு தளர்வு தருகிறது: அதிகச் செலவோ சிரமமோ இல்லாமல் நியாய மதிப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், அடக்க விலையில் தேய்மானமும் மதிப்பிழப்பும் கழித்து வைத்துக்கொள்ளலாம். பல பேர் இந்த வரியைப் படித்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், செபராங் பிறையில் கறவை மாட்டுக்கு இந்தச் சாக்கு எடுபடாது. தரகர் இருக்கிறார், பக்கத்துப் பட்டியில் போன மாதம் மாடு கைமாறியிருக்கிறது, இறைச்சிக்கு வாங்குபவர் வாரம் தவறாமல் வருகிறார். ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் விலையைச் சிரமம் என்று சொல்ல முடியாது. மேலும் அடக்க விலை முறை எளிது என்று நினைப்பதும் தவறு. பட்டியில் பிறந்த கன்றுக்கு அடக்க விலை என்ன? அதற்கென்று தனியாகத் தீவனக் கணக்கு யாரும் வைத்திருப்பதில்லை.

எண்ணிக்கை

விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் தலையை எண்ண வேண்டும். டிசம்பர் 31 கணக்கு முடிவு என்றால் அன்று மாலைக் கறவை நேரமே சரியான நேரம். கறவை மாடுகள் எல்லாம் கொட்டகைக்குள் வரிசையில் நிற்கும். மேய்ச்சல் நிலத்தில் எண்ணினால் ஒரே மாடு இரண்டு முறை எண்ணப்படும், அல்லது புதருக்குப் பின்னால் படுத்திருப்பது விட்டுப்போகும். ஒருவர் காதுப் பட்டையின் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேராகக் குறிக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்து மாட்டைத் தேடக்கூடாது, மாட்டைப் பார்த்துப் பதிவேட்டைத் தேட வேண்டும். அப்போதுதான் பதிவேட்டில் இல்லாத மாடும் தெரியவரும். பட்டை அறுந்து விழுந்த மாட்டுக்குக் காதில் ஓட்டை மட்டும் இருக்கும். அதை "நம்ம கறுப்பி" என்று எழுதிவிட்டுப் போகாமல் அன்றே புதுப் பட்டை போட்டு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

எண்ணும்போதே ரகம் பிரிக்க வேண்டும், ஏனென்றால் விலை ரகத்துக்குத்தான் கிடைக்கும். நான் பிரிப்பது இப்படி: நான்காவது ஈத்து வரையிலான மாடு, அதற்கு மேற்பட்ட மாடு, ஒரு வயதைத் தாண்டிய கிடேரி, ஒரு வயதுக்குட்பட்ட கன்று. மாப்ரிவால், ஜெர்சிக் கலப்பு, நாட்டு இந்திய மாடு என்று இனம் கலந்த பட்டியில், விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் இனவாரியாகவும் பிரியுங்கள். வித்தியாசம் சிறிதானால் வேண்டாம், தாள்தான் வீணாகும்.

சினை மாடு என்று எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும். சினை ஊசி போட்ட தேதியும், கால்நடை மருத்துவர் சோதித்து உறுதி செய்த குறிப்பும் இருந்தால் போதும். வயிற்றில் இருக்கும் கன்றைத் தனிச் சொத்தாக எழுதாதீர்கள். சினை மாட்டின் விலையிலேயே அது அடங்கியிருக்கிறது, தனியாக எழுதினால் இரண்டு முறை ஏறிவிடும். மடியில் இருக்கும் பாலும் அப்படித்தான், கறந்த பிறகே அது விளைபொருள்.

விலை: எங்கே பலரும் சறுக்குகிறார்கள்

நியாய மதிப்பு என்பது, கணக்கு முடியும் நாளில், விவரம் தெரிந்த வாங்குபவர் ஒருவர் உங்களுக்குக் கொடுக்கும் விலை. நீங்கள் வாங்கப் போனால் கொடுக்க வேண்டிய விலை இல்லை. பண்ணைக்காரரிடம் மாட்டு விலை கேட்டால் பெரும்பாலும் வாங்கும் விலையைச் சொல்வார், அதுதான் அவர் மனதில் பதிந்திருக்கும். தரகரிடம் பேசும்போது கேள்வியை மாற்றிப் போடுங்கள்: "அண்ணே, இந்த மாதிரி ரெண்டாம் ஈத்து மாடு நான் இன்னிக்கு வித்தா, என் கைக்கு எவ்வளவு வரும்?" இரண்டு மூன்று தரகரிடம் கேட்டு, பெயரும் தேதியும் சொன்ன விலையும் எழுதி வைத்தால் ஆடிட்டருக்கு அதுவே நல்ல ஆதாரம். அதைவிட நல்ல ஆதாரம் கணக்கு முடிவை ஒட்டி உண்மையில் நடந்த விற்பனை. டிசம்பரில் பக்கத்துப் பட்டியில் விற்றதும், ஜனவரி முதல் வாரத்தில் நீங்களே விற்றதும் தரகர் வாய்விலையைவிடக் கனமானவை.

பால் மாட்டுக்கு இரண்டு விலை உண்டு. கறவைக்கு வாங்குபவர் தரும் விலை ஒன்று, இறைச்சிக்கு எடை போட்டு வாங்குபவர் தரும் விலை இன்னொன்று. எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். முதல் நான்கு ஈத்து வரை கறவை விலை தெளிவாக மேலே நிற்கும். அதற்குப் பிறகு இரண்டும் நெருங்கி, ஒரு கட்டத்தில் இறைச்சி விலை முந்திவிடும். பட்டியிலுள்ள மாடு முழுவதற்கும் ஒரே விலையைப் போட்டால் மதிப்பு ஊதிப்போவது இந்த வயதான மாடுகளால்தான். அப்புறம் ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானிக்கு முன் காளைக் கன்று விலை எகிறும். அந்த விலையை நினைவில் வைத்துக்கொண்டு டிசம்பர் மாதக் கன்றுக்குப் போடக்கூடாது, டிசம்பர் 31 அன்றைய விலைதான் கணக்கு. கோமாரி நோயால் மாட்டை நகர்த்தத் தடை வந்திருந்தால் அதையும் பாருங்கள். விற்கவே முடியாத நாளில் வழக்கமான விலையை அப்படியே எடுப்பது பொருந்தாது.

இனி கழிவு. இரண்டு வகைச் செலவை இரண்டு இடத்தில் கழிக்க வேண்டும். மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகும் லோரிக் கூலி நியாய மதிப்பைக் கண்டுபிடிக்கும்போதே கழிகிறது, ஏனென்றால் நம் மாடு நிற்பது நம் பட்டியில். தரகுக் கூலியும் விற்பனைக்கென்றே கட்டும் கட்டணமும் அதற்குப் பிறகு விற்பனைச் செலவாகக் கழிகின்றன. வட்டியும் வருமான வரியும் விற்பனைச் செலவில் சேராது. தொகை கடைசியில் ஒன்றாகத்தான் வருகிறது, ஆனால் இரண்டு வரியாக எழுதாவிட்டால் லோரிக் கூலி விட்டுப்போகும், அல்லது இரண்டு தடவை கழிந்துவிடும். தரகர் "லோரி என் பொறுப்பு" என்று சொல்லிக் கொடுத்த விலையில் மறுபடியும் கூலியைக் கழிப்பது வழக்கமான தவறு.

உதாரணத்துக்கு, இளம் கறவை மாட்டுக்கு வாங்குபவரின் இடத்தில் RM 8,400 கிடைக்கிறது, லோரிக் கூலி RM 200, தரகு RM 200 என்று வைத்துக்கொள்வோம். நியாய மதிப்பு RM 8,200, கணக்கில் ஏறுவது RM 8,000.

ஒரு வருடத்தைப் போட்டுப் பார்ப்போம்

கீழே இருக்கும் விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை, சந்தை நிலவரம் இல்லை. மாடு வாங்கிய விலையைத் தவிர மற்ற எல்லாம் லோரிக் கூலியும் தரகும் கழித்த பிறகு வரும் தொகை. 2025 ஜனவரி 1 அன்றும் டிசம்பர் 31 அன்றும் பட்டி இப்படி இருந்தது:

| ரகம் | தொடக்கம் | விலை (RM) | மொத்தம் (RM) | முடிவு | விலை (RM) | மொத்தம் (RM) |
|---|---|---|---|---|---|---|
| இளம் கறவை | 16 | 7,600 | 121,600 | 20 | 8,000 | 160,000 |
| வயதான கறவை | 4 | 4,500 | 18,000 | 4 | 5,000 | 20,000 |
| கிடேரி | 6 | 4,500 | 27,000 | 5 | 4,800 | 24,000 |
| கன்று | 8 | 1,200 | 9,600 | 9 | 1,200 | 10,800 |
| மொத்தம் | 34 | | 176,200 | 38 | | 214,800 |

நடுவில் நடந்தது இது. ஜூலையில் இரண்டு சினைக் கிடேரிகளை தலா RM 8,000க்கு வாங்கினார்கள், அவை வருட முடிவுக்குள் ஈன்று கறவைக்கு வந்துவிட்டன. பதினைந்து கன்று பிறந்தது, ஒன்று செத்துப்போனது. வயதான மூன்று மாடுகள் இறைச்சிக்குப் போயின, தலா RM 4,600 கைக்கு வந்தது. எட்டுக் காளைக் கன்றுகள் தலா RM 1,000க்குப் போயின, அதில் மூன்று போன வருடத்தவை, ஐந்து இந்த வருடம் பிறந்தவை. ஓர் இளம் கறவை மடிநோயில் இறந்தது. ஆறு கிடேரிகளும் ஈன்று கறவைக்கு வந்தன. ஐந்து பெண் கன்றுகள் கிடேரியாயின. மூன்று மாடுகள் நான்காவது ஈத்தைத் தாண்டின.

தலைக்கணக்கு முதலில் நேராக வேண்டும். 34 உடன் வாங்கிய 2, பிறந்த 15 கூட்டினால் 51. விற்ற 11, செத்த 2 கழித்தால் 38. கொட்டகையில் எண்ணியதும் 38. இது நேராகாமல் ரிங்கிட் கணக்குக்குப் போகாதீர்கள். ஒரு கன்று குறைந்தால், பெரும்பாலும் பிறந்ததும் செத்ததும் இரண்டுமே எழுதப்படாமல் இருக்கும், அல்லது ரொக்கத்துக்கு விற்ற காளைக் கன்று வீட்டுச் செலவோடு கலந்திருக்கும்.

இனி பேரேடு. வாங்கிய இரண்டு மாட்டுக்கும் கொடுத்தது RM 16,000. ஆனால் அதே நாளில் திருப்பி விற்றால் தலா RM 7,600தான் கைக்கு வரும். ஆகவே சொத்தாக RM 15,200, மீதி RM 800 அன்றைக்கே நட்டம். வாங்கின அன்றே நட்டமா என்று உரிமையாளர் முகம் சுளிப்பார். லோரியும் தரகும் கொடுத்துத்தான் மறுபடி விற்க முடியும் என்பதால் இது இயல்பு, மதிப்பீட்டில் தவறு என்று அர்த்தமில்லை. நடைமுறையில் பலர் வருட நடுவில் முழு RM 16,000ஐயும் சொத்தில் எழுதி, வருட முடிவில் மொத்தமாகச் சரிசெய்கிறார்கள். லாப நட்டத்தில் முடிவு ஒன்றேதான். விற்ற மாட்டுக்குக் கைக்கு வந்த தொகை, மூன்று வயதானவைக்கு RM 13,800, கன்றுகளுக்கு RM 8,000, சொத்திலிருந்து இறங்குகிறது.

அப்படியானால் பேரேட்டில் நிற்பது 176,200 + 16,000 − 21,800 = RM 170,400. கொட்டகையில் நிற்பது RM 214,800. வித்தியாசம் RM 44,400. இதுதான் வருடத்தின் நியாய மதிப்பு லாபம். சொத்தில் பற்று, லாப நட்டத்தில் வரவு, ஒரே ஒரு பதிவு.

அந்த 44,400 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் விடாதீர்கள். விலை மாற்றத்தையும் உடல் மாற்றத்தையும் தனித்தனியே காட்டும்படி எம்எஃப்ஆர்எஸ் 141 ஊக்குவிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. இந்த விஷயத்தில் எம்பிஇஆர்எஸ் கேட்பது தொடக்கத்திலிருந்து முடிவு வரையிலான நகர்வு அட்டவணை மட்டும்தான். ஆனாலும் பிரித்தால்தான் தவறு வெளியே தெரியும்.

தொடக்கத்தில் இருந்த மாடுகளை அப்படியே முடிவு விலையில் போட்டுப் பாருங்கள். இளம் கறவை 16க்கு தலா 400, வயதானவை 4க்கு தலா 500, கிடேரி 6க்கு தலா 300. மொத்தம் RM 10,200. வாங்கிய இரண்டிலும் அன்று விழுந்த 800 நட்டத்தை விலை உயர்வு 800 சரிக்கட்டிவிட்டது. மீதி RM 34,200 உடல் மாற்றம், அதாவது வளர்ந்ததும் பிறந்ததும் கிழமானதும் செத்ததும். ஆறு கிடேரி கறவையானது 19,200. ஐந்து கன்று கிடேரியானது 18,000. பிறந்த கன்றுகள் 15,800. மூன்று மாடு வயதான ரகத்துக்குப் போனதில் 9,000 குறைவு, செத்த கறவை 8,000 குறைவு. விற்ற பழைய மாடுகளும் போன வருடக் கன்றுகளும் முடிவு விலையைவிடக் குறைவாகப் போனதில் 1,800 குறைவு. கூட்டிப் பாருங்கள், 34,200 வரும்.

இந்தப் பிரிவில் "கிழமானது" என்ற வரி சுழியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எந்தப் பட்டியிலும் ஒரு வருடத்தில் ஒரு மாட்டுக்குக்கூட வயதாகாமல் இருக்காது, ரகம் மாற்றுவதை யாரோ மறந்திருக்கிறார்கள்.

தீவனச் செலவு, பால்

தீவனம், மருந்து, சினை ஊசி, ஆள்கூலி ஆகியவற்றை மாட்டின் மதிப்பில் ஏற்ற வேண்டுமா? தரநிலை இதைப் பற்றிப் பேசவில்லை. நான் அந்தந்த வருடச் செலவாகவே எழுதச் சொல்வேன். ஏற்றினாலும் வருட முடிவில் மாடு அதே RM 214,800தான், ஏற்றிய அளவு நியாய மதிப்பு லாபம் குறையும், நிகர லாபம் மாறாது. வீண் வேலை, அதோடு கிடேரி வளர்க்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்ற எண்ணும் மறைந்துபோகும்.

பால் கறந்த நொடியில் விளைபொருளாகிறது. அந்த நேரத்து நியாய மதிப்பில் விற்பனைச் செலவைக் கழித்தால் வருவதே அதன் அடக்க விலை. அதற்குப் பிறகு அது சாதாரணச் சரக்கு. அன்றாடம் கறந்து அன்றாடம் விற்கும் பண்ணையில் இதற்கு வேலையே இல்லை, கணக்கு முடிவில் குளிர்பெட்டியில் இருக்கும் ஒரு வேளைப் பால் மட்டும் சரக்கில் வரும். அதில் 180 லிட்டர் இருந்து, பண்ணை வாசலில் லிட்டருக்கு RM 4 கிடைக்கிறது, விற்பனைச் செலவு எதுவும் இல்லை என்றால் RM 720. தயிரும் நெய்யும் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: பாலின் மதிப்பு தயிருக்கான மூலப்பொருள் செலவு, அதன் மேல் உறை ஊற்றும் செலவும் கடையும் செலவும் ஆள்கூலியும் கூடும். தயிருக்கு நியாய மதிப்பு கிடையாது, அது சரக்கு விதிப்படி அடக்க விலையிலேயே நிற்கும், விற்றுக் கிடைக்கக்கூடிய நிகரத் தொகை அதைவிடக் குறைந்தால் மட்டும் அதற்கு இறங்கும்.

44,400ஐ வைத்து என்ன செய்யக்கூடாது

உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ இந்த வருசம் டிவிடெண்ட் கூட எடுக்கலாமா?" என்பதுதான். கணக்கில் லாபம் இருக்கிறது, ஆனால் அந்த 44,400 கிடேரியாகவும் கன்றாகவும் நான்கு காலில் நிற்கிறது. நிறுவனச் சட்டம் 2016இன்படி, பங்காதாயம் கொடுப்பதற்கு லாபம் இருந்தால் மட்டும் போதாது, கொடுத்த பிறகும் நிறுவனம் கடனைத் தீர்க்கும் நிலையில் இருக்க வேண்டும், அதை இயக்குநர்கள் பார்த்துத்தான் ஒப்புதல் தர வேண்டும். தீவனக் கடைக்கு மூன்று மாதப் பாக்கி வைத்துக்கொண்டு கன்று பிறந்த லாபத்தை எடுத்துக்கொடுத்தால் அந்தச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள்.

அதனால் லாப நட்டக் கணக்கில் நியாய மதிப்பு லாபத்தைப் பால் வருமானத்தோடு கலக்காமல் தனி வரியில் காட்டுங்கள். காசோட்ட அறிக்கையில் அது காசில்லா வரியாகக் கழிய வேண்டும். வரி முகவரிடமும் அதே பிரிவைக் கொடுங்கள், விற்காத மாட்டின் உயர்வும் விற்ற மாட்டின் பணமும் எது எது என்று அவருக்கு முதல் பார்வையில் தெரிய வேண்டும். ஒத்திவைக்கப்பட்ட வரிக்கு ஒதுக்க வேண்டுமா என்பதும் அந்தப் பிரிவை வைத்துத்தான் முடிவாகும்.

இது முதல் முறை என்றால், பழைய ஒரு ரிங்கிட் மாடுகளை ஒரே நாளில் RM 200,000க்கு ஏற்றி அந்த வருட லாபமாகக் காட்டிவிடாதீர்கள். முன்பே நியாய மதிப்பு கிடைக்கக்கூடிய நிலையில் அடக்க விலையில் வைத்திருந்தது முந்தைய வருடங்களின் பிழை. முந்தைய வருடத் தொடக்க எண்ணிக்கையையும் விலையையும் முடிந்தவரை கண்டுபிடித்து, சேர்ந்து நிற்கும் லாபத்தின் தொடக்க இருப்பில் சரிசெய்து, ஒப்பீட்டு எண்களையும் திருத்தி எழுத வேண்டும். பழைய எண்ணிக்கைக்குக் கறவைப் பதிவேடும், சினை ஊசிப் பதிவும், கால்நடைச் சேவைத் துறை தடுப்பூசி போட வந்தபோது எழுதிய தலைக்கணக்கும் உதவும். இந்த மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசலாம்.